கருத்துப் பெட்டியில் வந்த ஓர் உறுதி இலக்கம்: கொழும்புச் சட்டத்தரணி ஒருவரின் கல்விப் பதிவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, கொழும்பில் தொழில் செய்யும் ஒரு பெண் சட்டத்தரணி முகநூலில் சட்டத்தை விளக்கி எழுதத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு காலத்தில் நடந்தவற்றைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளைத் தமிழில் எழுதித் திருத்தும் பணியில் நான் அவருடன் இருந்தேன். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். இதில் வரும் கட்சிக்காரரின் இருப்பிடம், உறவு முறை, கால அளவுகள் ஆகியவை ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றப்பட்டுள்ளன. மாற்றாமல் எழுதியிருந்தால், கீழே விவரிக்கப்படும் தவறையே இந்த ஆய்வும் செய்ததாகிவிடும்.

பின்னணி

அவர் சட்டத்தரணியாகச் சத்தியப் பிரமாணம் செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நொத்தாரிசாகவும் பணியாற்றுகிறார். புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்கு அருகில், வேறு இரண்டு பேருடன் பகிர்ந்துகொண்ட ஒரு சிறிய அலுவலகம் அவருக்கு இருக்கிறது. காணி வழக்குகள், மரண சாதனங்கள், உறுதி எழுதுதல் ஆகியவையே அவருடைய பெரும்பகுதி வேலை. முதல் ஏழு ஆண்டுகள் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் இருந்ததால் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபின், அந்த வாசலால் வந்துகொண்டிருந்தவர்கள் மெல்லக் குறைந்தார்கள். தமிழில் சரளமாகப் பேசி ஓர் உறுதியை வரிக்கு வரி விளக்கக்கூடிய சட்டத்தரணியைத் தேடுவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாடுகளிலும் நிறைய இருந்தார்கள். ஆனால் அப்படி ஒருவர் புதுக்கடையில் இருக்கிறார் என்பதை அவர்கள் அறிய வழி இருக்கவில்லை.

வேறு தொழிலாக இருந்தால் இதற்கான விடை எளிது: விளம்பரம் செய்யலாம். சட்டத்தரணி அப்படிச் செய்ய முடியாது. இலங்கையில் சட்டத்தரணிகளின் நடத்தையை, 1988 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஆக்கிய நடத்தை மற்றும் ஒழுக்க விதிகள் ஆளுகின்றன. அந்த விதிகளும் அவற்றின் பின்னாலுள்ள தொழில் மரபும், சட்டத்தரணி தனக்கு வேலை தேடி விளம்பரம் செய்வதையும் ஆள் பிடித்துக் கட்சிக்காரர்களைச் சேர்ப்பதையும் ஏற்பதில்லை. கடுமையான தவறுகளுக்கு, 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் அமர்ந்து ஒருவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தவோ நீக்கவோ முடியும். ஒரு முகநூல் படத்துக்காக அவ்வளவு தூரம் போவார்களா என்று சிலர் கேட்பதுண்டு. அவர் அந்தக் கேள்வியை வேறு விதமாகப் பார்த்தார். நீதிமன்றத்தில் தினமும் முகம் பார்க்கும் சக சட்டத்தரணிகளும் நீதவான்களும் தன்னை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் தன் தொழிலின் மூலதனம் என்றார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

முதல் மாதம்

நான் சேர்வதற்கு முன்பே ஒரு மாதம் போயிருந்தது. உறவினர் ஒருவரின் நண்பரான வடிவமைப்பாளர் ஒருவர் ஆறு படங்களைச் செய்து கொடுத்திருந்தார். எல்லாவற்றிலும் கறுப்புக் கோட்டுடன் அவருடைய படம், பெரிய எழுத்தில் "காணிப் பிரச்சினையா? இன்றே அழையுங்கள்", கீழே வாட்ஸ்அப் இலக்கம், ஓரத்தில் "முதல் ஆலோசனை இலவசம்". அவற்றுள் இரண்டு பணம் கட்டி விளம்பரமாகவும் ஓடின.

வடிவமைப்பாளர் தீய எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. இணையத்தில் கிடைத்த மாதிரிகளைப் பார்த்தே செய்திருந்தார். அந்த மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே 1977 ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கொன்றில், சட்டத்தரணிகளின் விளம்பரம் பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கே பேருந்தின் முதுகிலும் சட்டத்தரணியின் முகம் இருக்கலாம். அந்தச் சூழலில் பிறந்த படத்தை எடுத்துத் தமிழ் எழுத்தைப் போட்டால், படத்துடன் அந்த நாட்டு விதியும் கூடவே வந்துவிடாது. பக்கத்திலுள்ள இந்தியாவிலும் வழக்கறிஞர் கழக விதிகள் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. 2008 ஆம் ஆண்டுத் திருத்தம், இணையத்தளத்தில் பெயர், முகவரி, தகைமை, தொழில் செய்யும் துறை போன்ற வரையறுத்த விவரங்களைத் தர மட்டுமே இடம் கொடுத்தது.

நான்காவது வாரத்தில், அவருடைய பழைய சிரேஷ்ட சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தார். கோபமில்லை. "பிள்ளை, நீர் உறுதி எழுதுற விதம் எனக்குத் தெரியும். அதைப் பார்க்காத ஆள் இந்தப் படத்தைத்தான் பார்க்கும். கடைப் பலகை மாதிரிக் கிடக்குது" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே ஆறு படங்களும் நீக்கப்பட்டன, விளம்பரம் நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் என்னிடம் வந்தார்.

எல்லையை வரைந்த விதம்

எழுதத் தொடங்குவதற்கு முன் 1988 ஆம் ஆண்டு விதிகளை இருவரும் முழுமையாக வாசித்தோம். அவை எழுதப்பட்ட காலத்தில் முகநூல் இல்லை. ஆகவே ஒவ்வொரு விதியின் சொல்லையும் விட, அது எந்தத் தீங்கைத் தடுக்க வந்தது என்பதையே கேட்க வேண்டியிருந்தது. மூன்று சிரேஷ்ட சட்டத்தரணிகளிடம் அவர் தனித்தனியே கருத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் குறித்தார். மூவரும் சிறு விடயங்களில் வேறுபட்டார்கள். ஆனால் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: சட்டத்தைப் பொதுமக்களுக்கு விளக்குவதில் பிழையில்லை, அந்த விளக்கம் "என்னிடம் வா" என்ற அழைப்பாக மாறும் இடத்தில்தான் பிழை தொடங்குகிறது.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு சோதனை கிடைத்தது. ஒரு பதிவிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டு வாசித்தால், வாசகருக்கு அது முழுப் பயனையும் தர வேண்டும். பெயரை எடுத்தவுடன் பதிவு பொருளற்றுப் போகுமானால் அது விளம்பரம். இதன்படி பக்கத்தில் பெயர், சட்டத்தரணி மற்றும் நொத்தாரிசு என்ற தகுதி ஆகியவை மட்டும் இருந்தன. "நிபுணர்", "முன்னணி", "வெற்றி" போன்ற சொற்கள் எங்கும் இல்லை. கட்டணம் பற்றிய பேச்சும் இல்லை. பணம் கட்டிப் பரப்புவதையும் விட்டோம். நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதைப் பற்றியும் எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தோம். நீதிமன்றத்தை அவமதித்தல் தொடர்பாக 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் வந்திருந்த நிலையில், அதில் விவாதிக்க எதுவும் இருக்கவில்லை.

அவருடைய சொந்த வழக்குகளிலிருந்து உதாரணம் எடுப்பது பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். பெயரை மாற்றினால் போதும் என்று முதலில் அவர் நினைத்தார். நான் ஒரு பழைய வரைவை எடுத்து, அதில் இருந்த விவரங்களை மட்டும் வெள்ளவத்தையில் வாழும் என் உறவினர் ஒருவருக்குச் சொன்னேன்: மூன்று சகோதரிகள், மூத்தவர் மட்டும் இங்கே, தகப்பன் தபால் திணைக்களத்தில் இருந்தவர். அது எந்தக் குடும்பம் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். கொழும்புத் தமிழர் வட்டம் அவ்வளவு சிறியது. அதன்பின் எல்லா உதாரணமும் முழுக் கற்பனையாகவே கட்டப்பட்டது, அது கற்பனை என்றும் பதிவிலேயே சொல்லப்பட்டது.

ஒரு பதிவு எப்படி உருவானது

எங்கள் ஐந்தாவது பதிவு பிரிஸ்கிரிப்ஷன் பற்றியது. அதாவது, பிறருடைய காணியை நீண்ட காலம் ஆண்டு வந்தவர் அதற்கு உரித்துக் கோருவது. புலம்பெயர்ந்தவர்களிடம் இதைப் பற்றி ஒரு பெரிய பயம் இருக்கிறது. "பத்து வருஷம் இருந்தால் காணி அவர்களுக்குப் போய்விடும்" என்பதை வேத வாக்காக நம்புகிறார்கள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "உங்கள் வீட்டில் உறவினர் பத்து வருடங்களாக இருக்கிறாரா? இன்றே நடவடிக்கை எடுக்காவிட்டால் உங்கள் சொத்து கைவிட்டுப் போகலாம்." இந்த வரிகள் பலரை நிறுத்தி வாசிக்க வைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவை பயத்தை விற்கின்றன. அத்துடன் சட்டமும் பிழை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பத்து ஆண்டுகள் ஒருவர் அங்கே இருந்தார் என்பதோடு நின்றுவிடவில்லை. அந்த ஆட்சி தடையின்றியும் இடையறாமலும் இருக்க வேண்டும், உரிமையாளரின் உரித்துக்கு எதிரானதாக அல்லது அதிலிருந்து சுயாதீனமானதாக இருக்க வேண்டும். உரிமையாளரின் அனுமதியுடன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் இருப்பு, அனுமதி நீடிக்கும்வரை எதிரான ஆட்சி ஆகாது. கூட்டு உரிமையாளர்களுக்கிடையில் இது இன்னும் கடினம். ஒரு கூட்டு உரிமையாளரின் ஆட்சி மற்றவர்களின் ஆட்சியாகவும் கருதப்படும் என்பதும், மற்றவர்களை வெளியேற்றியதற்குச் சமமான ஒன்று நடந்திருக்க வேண்டும் என்பதும் 1911 ஆம் ஆண்டு கொரேயா எதிர் ஐசரிஸ் அப்புஹாமி வழக்கில் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதிலிருந்து வழிவழியாக வருவது. போர்க் காலத்தில் தம் உரித்தைக் காக்க வழக்காட முடியாமற் போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டு ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது.

வெளியான பதிவின் தொடக்கம் இது: "ஒரு வீட்டில் பத்து ஆண்டுகள் வசித்தால் மட்டும் அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் எந்த உரித்தின் பேரில் அங்கே இருந்தார் என்பதையே நீதிமன்றம் முதலில் கேட்கும்." பயத்தைக் கூட்டுவதற்குப் பதில் இந்தப் பதிவு பயத்தைக் குறைத்தது. எதிர்பாராத விதமாக, அதுவரை எழுதியவற்றுள் அதிகம் பகிரப்பட்டதும் இதுதான். பகிர்ந்தவர்களில் சட்டத்தரணிகளும் இருந்தார்கள். தங்கள் கட்சிக்காரர்களுக்கு வாயால் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுத்தில் கொடுக்க ஒன்று கிடைத்ததே அதற்குக் காரணம் என்று பின்னர் ஒருவர் சொன்னார்.

கருத்துப் பெட்டியில் நடந்தது

பதிவுகளில் நாங்கள் காட்டிய கவனத்தைக் கருத்துகளில் காட்டவில்லை. இந்த நிகழ்வின் மையம் இதுதான். முதல் நான்கு பதிவுகளின் கீழும் மக்கள் கேள்வி கேட்டார்கள். சட்டத்தரணி இரவில் பிள்ளைகள் உறங்கியபின் அவற்றுக்குப் பதில் எழுதினார். சிலவற்றுக்கு இரண்டு வரி விடை, சிலவற்றுக்கு "இன்பாக்ஸில் எழுதுங்கள்", சிலவற்றுக்கு மௌனம். நன்றியாகவும் மனிதத் தன்மையுடனும் தோன்றிய இந்தப் பழக்கத்தை நானும் கேள்வி கேட்கவில்லை. வாசகருடன் உரையாடினால் பக்கம் வளரும் என்று நானே ஊக்குவித்தேன். அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஐந்தாவது பதிவு வெளியான இரண்டாம் நாள் இரவு, கனடாவிலிருந்து ஒருவர் நீண்ட கருத்து எழுதினார். தகப்பன் பெயரில் கொழும்பில் ஒரு வீடு, தகப்பன் காலமாகிவிட்டார், தாயின் தங்கை குடும்பம் பதினான்கு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது, இப்போது வெளியேற மறுக்கிறது. ஒழுங்கையின் பெயர், உறுதி இலக்கம், சித்தியின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. "நான் என்ன செய்ய வேண்டும், மேடம்?" என்று முடிந்திருந்தது.

சட்டத்தரணி அதை வேகமாக வாசித்துவிட்டு, "விவரத்தை இன்பாக்ஸில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் எழுதினார். பத்து நிமிடத்தில் உறுதியின் மூன்று பக்கப் படங்கள் வந்தன. முதல் படத்தைத் திறந்து காணியின் எல்லை விவரத்தை வாசித்தபோதுதான் அவருக்கு ஒழுங்கையின் பெயர் உறைத்தது. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு வயதான அம்மா அவருடைய அலுவலகத்துக்கு வந்து மரண சாதனம் எழுதுவித்திருந்தார். அவர் வசிப்பது அந்த வீட்டில்தான். அந்தச் சித்தி அவரே.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. "நான் ரெண்டு பக்கத்துக்காரரின்ர கதையையும் கேட்டுட்டன்" என்றார். குரல் நடுங்கியது.

அன்றிரவு எடுத்த தீர்மானங்கள்

அவர் பதில் எழுதிய அந்த ஒரு வரியில் மூன்று சிக்கல்கள் இருந்தன. முதலாவது, முன்பின் அறியாத ஒருவரைத் தனிப்பட்ட முறையில் விவரம் அனுப்பச் சொன்னது ஆள் சேர்ப்பதாகவே வாசிக்கப்படலாம். இரண்டாவது, "பார்த்துச் சொல்கிறேன்" என்றவுடன், தனக்கு ஒரு சட்டத்தரணி இருக்கிறார் என்று அந்த மனிதர் நியாயமாகவே நம்பலாம். மூன்றாவது, நலன்களின் மோதல்: ஏற்கெனவே தன்னை நம்பி வந்த ஒருவருக்கு எதிரான தரப்பின் ஆவணம் தன் கையில் இருக்கிறது.

இதிலிருந்து வெளிவர, முதலில் தோன்றிய வழி அவருக்கு உண்மையைச் சொல்வது: "மன்னிக்கவும், மறுதரப்பு என் கட்சிக்காரர், என்னால் உதவ முடியாது." நேர்மையான வாக்கியமாகத் தெரிகிறது. அதை அனுப்புவதற்கு ஒரு நிமிடம் முன்பு அவரே நிறுத்தினார். அந்த வாக்கியம், சித்தி ஒரு சட்டத்தரணியைச் சந்தித்திருக்கிறார் என்ற செய்தியை அக்காவின் மகனுக்குக் கொடுக்கிறது. சொத்தைப் பற்றிக் குடும்பத்துக்குள் தகராறு இருக்கும்போது அது சிறிய செய்தி அல்ல. கட்சிக்காரர் தொழில் ரீதியாகத் தெரிவித்ததை வெளியிடக் கூடாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வந்து போனார் என்பதையும் அதே கவனத்துடன் காக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

அடுத்த வழி, பேசாமல் விடுவது. இங்கேதான் எங்கள் பழைய பழக்கம் எங்களைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் பதில் எழுதி, ஒருவருக்கு மட்டும் திடீரென்று மௌனமானால், அந்த மௌனமே ஒரு விடை. சித்தியையும் இந்தச் சட்டத்தரணியையும் அறிந்த எவரும் அதற்குக் காரணத்தை ஊகிக்கலாம்.

ஆகவே அன்றிரவே எல்லோருக்கும் ஒரே பதில் என்று மாற்றினோம். ஐந்து பதிவுகளின் கீழும் தனிப்பட்ட விவரம் இருந்த எல்லாக் கருத்துகளையும் மறைத்தோம், அவர் எழுதிய தனிப் பதில்கள் எல்லாவற்றையும் நீக்கினோம், ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரே வாசகத்தைப் போட்டோம்:

"இந்தப் பக்கம் சட்டத்தைப் பொதுவாக விளக்குவதற்கு மட்டுமே. எவருடைய தனிப்பட்ட விடயத்துக்கும் இங்கே பதில் தரப்படுவதில்லை. பெயர், முகவரி, உறுதி இலக்கம் போன்ற விவரங்களை இங்கே இட வேண்டாம். அவ்வாறான கருத்துகள் மறைக்கப்படும். தங்கள் விடயத்துக்குத் தாங்கள் விரும்பும் சட்டத்தரணி ஒருவரை நேரில் அணுகவும். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்."

"தாங்கள் விரும்பும் சட்டத்தரணி ஒருவரை" என்ற சொற்கள் மீது நான் தயங்கினேன். இவ்வளவு உழைத்து வாசகரை வரவழைத்துவிட்டு வேறிடம் போகச் சொல்வதா என்று கேட்டேன். அவர் அசையவில்லை. அந்தச் சொற்கள் இருப்பதால்தான் மீதி எல்லாமே கல்வி என்று சொல்லிக்கொள்ள முடிகிறது என்றார்.

கனடாக்காரருக்கும் இதே வாசகமே இன்பாக்ஸில் போனது. கூடவே, அவர் அனுப்பிய ஆவணங்களின் பேரில் எந்த ஆலோசனையும் தரப்படாது என்றும், காலம் தாழ்த்தாமல் வேறொரு சட்டத்தரணியை நாட வேண்டும் என்றும் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. காரணம் சொல்லப்படவில்லை. மற்ற இரண்டு படங்களையும் சட்டத்தரணி திறக்கவில்லை. நடந்ததை மறுநாள் காலை தன் பழைய சிரேஷ்ட சட்டத்தரணியிடம் பெயர்கள் இன்றிச் சொல்லி, எடுத்த நடவடிக்கையை நேரத்துடன் குறித்து வைத்தார்.

பின்னர் நடந்தவை

ஆறு வாரங்கள் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் அக்காவின் மகனுடைய சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதம். முந்திய முறையைப் போலவே ஒரு பழைய பிளாஸ்ரிக் உறையில் உறுதியின் பிரதியைச் சுற்றி வைத்திருந்தார். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

சட்டத்தரணி உறையைத் திறக்க விடவில்லை. "அம்மா, இந்த ஒரு விடயத்தில் மட்டும் நான் உங்களுக்காக நிற்க ஏலாது. ஏன் எண்டும் சொல்ல ஏலாது. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை" என்று சொன்னார். இருவரின் பக்கத்து விவரமும் தெரிந்த நிலையில், எவருக்கும் ஆஜராவது நியாயமாகாது என்பது அவர் முன்பே எடுத்திருந்த முடிவு. அந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பிள்ளையை நம்பித்தானே வந்தனான்" என்று மட்டும் சொல்லி, உறையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே கட்டடத்தில், காணி வழக்கில் அனுபவமுள்ள வேறு ஒருவரின் அறைவரை சட்டத்தரணி அவரைக் கூட்டிச் சென்றார். மரண சாதனத்துக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார். அது காரணத்தைச் சொன்னதாகிவிடும் என்பதால் விட்டுவிட்டார்.

சட்டத்தரணிக்கு எதிராக எந்த முறைப்பாடும் வரவில்லை. ஆனால் முறைப்பாடு வராததை வைத்து இதைச் சிறிய விடயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒருவர், தான் நம்பிய சட்டத்தரணியை மிகத் தேவையான நேரத்தில் இழந்தார். அதற்குக் காரணம் ஒரு வரிக் கருத்து. சட்டத்தரணிக்கும் அது இன்னும் ஆறவில்லை.

பக்கத்தைப் பொறுத்தவரை, ஒரே பதில் முறைக்கு மாறியபின் கருத்துகள் வெகுவாகக் குறைந்தன. முதல் இரண்டு மாதங்கள் பதிவுகள் பரவவும் இல்லை. உரையாடல் இல்லாத பக்கத்தை முகநூல் பலருக்குக் காட்டுவதில்லை. நான் கவலைப்பட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து நிலைமை வேறு வழியால் மாறியது. பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் படமாகவும் எழுத்தாகவும் சுற்றத் தொடங்கின. வெள்ளவத்தையில் முதியோர் சிலர் மாதாந்தம் கூடும் ஓரிடத்தில் மரண சாதனம் பற்றிப் பேச அழைத்தார்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் ஒரு முறை, நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் என்பதை அங்கே அவர் விளக்கியபோது, எத்தனை பேர் குறிப்பெடுத்தார்கள் என்பதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். விலாச அட்டை எதுவும் அங்கே கொடுக்கப்படவில்லை.

ஆண்டு முடிவில் அவர் தன் பதிவேட்டைப் பார்த்தபோது, பதிவுகள் வழியாக வந்த புதிய கட்சிக்காரர்கள் பதினொருவர் இருந்தார்கள். அவர்களில் ஏழு பேரை அனுப்பியவர்கள் வேறு சட்டத்தரணிகள். தமிழில் ஆவணத்தை விளக்க வேண்டிய தேவை வந்தபோது, பதிவுகளைப் படித்திருந்ததால் அவரை நினைவில் வைத்திருந்தார்கள். பொதுமக்களை நோக்கி எழுதியது சக சட்டத்தரணிகளிடமே முதலில் போய்ச் சேர்ந்தது. இதை நாங்கள் திட்டமிடவில்லை.

இப்போது வேறு விதமாகச் செய்வது

மீண்டும் தொடங்குவதாக இருந்தால், முதல் பதிவுக்கு முன்பே பக்கத்தின் செய்தி அனுப்பும் பொத்தானை எடுத்துவிடுவோம், ஒரே பதில் வாசகத்தை முதல் நாளிலிருந்தே போடுவோம். ஒரு சீரான நடைமுறை பாதுகாப்பாக இருப்பது, அது முன்பே நிலைபெற்றிருக்கும்போதுதான். சிக்கல் வந்த இரவில் அதைக் கொண்டுவந்தால், அது கொண்டுவரப்பட்ட நேரமே கவனிப்பவருக்கு ஒரு குறிப்பாகிவிடும். எங்களுக்கு அது நிகழவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டுமே.

வாசகர்கள் எழுதும் புகழுரைகளையும் தொடக்கத்திலேயே மறைத்திருக்க வேண்டும். "இவரிடம் போங்கள், கேஸை வென்று தருவார்" என்று ஒருவர் எழுதிய கருத்து மூன்று வாரங்கள் பக்கத்தில் இருந்தது. சட்டத்தரணி எழுதவில்லைதான். ஆனால் தன் சுவரில் அதைத் தங்கவிட்டால், அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதாகவே பார்ப்பவர் கருதுவார்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. ஒரு பொருளை முடிவு செய்வதற்கு முன், அவர் தன் கட்சிக்காரர் பதிவேட்டின் கடைசி இரண்டு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார். இப்போது கைவசமுள்ள எந்த விடயத்துக்கும் நெருக்கமான பொருளானால் அது தள்ளிப்போகிறது. இதை அவர் தனியே செய்கிறார், காரணத்தை என்னிடம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போன மாதம் காணிப் பதிவகத்தில் உறுதியை முந்திப் பதிந்தவருக்குக் கிடைக்கும் முன்னுரிமை பற்றி ஒரு பதிவைத் தயார் செய்து கொடுத்தேன். மறுநாள் காலை "இதை ஆவணிக்குப் பிறகு போடுவம்" என்று ஒரு வரிச் செய்தி வந்தது. வரைவு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.